மாதிரிக் கோப்பில் விடுபட்ட வரி

கோழிக்கோடு எரஞ்ஞிப்பாலத்தில் ஒரு தையல்கடையின் மாடியில் மூன்றே பேர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஒன்று உண்டு. அங்கே கதவைப் பார்த்த மாதிரி இருக்கும் நாற்காலி ரஜுலாவுடையது. மின்விசிறிக் காற்று அந்த மூலைக்கு வராது, ஜன்னலும் கிடையாது. இருந்தாலும் சேர்ந்த நாளிலேயே அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். படியில் யாராவது ஏறினால் அவள் விரல் தட்டுவது நின்றுவிடும். வந்தது டீக்கடைக்காரர் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி தட்டும். பக்கத்து நாற்காலி பினோய் இதை வைத்து எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறான். "சேச்சி, நீங்க போன ஜென்மத்துல பேங்க் வாட்ச்மேன்" என்பான். சிரித்துக்கொள்வாள். சிரித்துவிட்டால் மேலே கேள்வி வராது என்று அவளுக்குத் தெரியும்.

முப்பத்தாறு வயது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள் தீர்த்தா. வீட்டுக்காரர் எங்கே என்று யாராவது கேட்டால் "கல்ஃப்ல" என்பாள். கோழிக்கோட்டில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். பாதி ஊரின் வீட்டுக்காரர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். சொன்னது பொய்யும் அல்ல. பிரதீஷ் தோஹாவில்தான் இருந்தான், ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. ஆனால் அவன் விடுமுறையில் தலச்சேரிக்கு வந்த ஒவ்வொரு முறையும் இவள் கை ஒடிந்ததோ, காது கிழிந்ததோ, ஏதோ ஒன்று நடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு, தீர்த்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, கட்டிய துணியோடு பஸ் ஏறிவிட்டாள். அடி தாங்காமல் ஓடி வரும் பெண்களுக்காக ரோஸக்குட்டி டீச்சரின் சங்கம் நடத்தும் வீடு ஒன்றில் பதினொரு மாதம் இருந்தாள். அந்த வீடுகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எங்கே இருக்கின்றன என்று பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

பிரதீஷ் சும்மா விடுகிற ஆளா? பெண்டாட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சங்கத்தின் மேல் கேஸ் போட்டான், தோற்றான். அதன் பிறகும் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் என்ன போட்டாலும் கீழே வந்து ஒரு வரி எழுதுவான். எப்போதும் ஒரே வரிதான்: 'எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடுவேன்.' டீச்சர் அதை அழிப்பார், அவன் மறுபடி எழுதுவான்.

இந்த ஆபீஸ் வேலையும் டீச்சர் வாங்கிக் கொடுத்ததுதான். சங்கத்தின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி முதலாளி அஷ்கரிடம் வந்தபோது, "படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா, வேலைக்கு வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். எங்கிருந்து வந்தவள் என்று டீச்சரும் சொல்லவில்லை, அஷ்கரும் கேட்கவில்லை. ஆக, நான்கு மறைவு வீடுகளில் இருப்பவர்கள், இருந்து வெளியே போனவர்கள், இப்போது எங்கே குடியிருக்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளி, எல்லாம் அடங்கிய அந்தப் பதிவேட்டு மென்பொருளை எழுதியதே ரஜுலாதான். அதில் நூற்றுப் பதினேழாவது ஆள் அவளேதான். அரை வருஷத்துக்கு ஒரு முறை சங்கத்திலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அதற்காக விலாசம் எப்போதும் புதுசாக இருக்க வேண்டும். தன் வீட்டு நம்பரை அவளே தட்டி ஏற்றினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே மென்பொருளின் ரெப்போவை பப்ளிக் ஆக்கினார்கள். ரெப்போ என்றால் நிரல்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். அதுவரை மூன்று பேர் மட்டும் பார்த்தது, இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மற்ற மாநிலத்துச் சங்கங்களும் எடுத்து உபயோகிக்கட்டும் என்று டீச்சருக்கு ஆசை. நல்ல ஆசைதான். நிரலைக் காட்டுவதால் பதிவேடு வெளியே போகாது. பதிவேடு வேறு இடத்தில், டேட்டாபேஸில் இருக்கிறது. அதன் விலாசமும் கடவுச்சொல்லும் டாட் என்வ் என்ற சின்ன ஃபைலில் இருக்கும், அந்த ஃபைல் களஞ்சியத்தில் ஏறக் கூடாது. ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலில் அதன் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக மாதிரிக் கோப்பு ஒன்று மட்டும் ஏறும். அதில் என்னென்ன வரி வேண்டும் என்று பெயர்கள் இருக்கும், எதிரே 'உங்கள் கடவுச்சொல்' என்று வெறும் குறிப்பு. எடுப்பவர் அதைப் பார்த்துத் தன் சொந்த ஃபைலை நிரப்பிக்கொள்வார்.

ரஜுலா அந்த மாதிரிக் கோப்பை மூன்று முறை சரிபார்த்தாள். உண்மையான ஒரு எழுத்துகூட அதில் இல்லை. பத்தேகாலுக்கு டீச்சர் சங்கத்தின் பக்கத்தில் லிங்க் போட்டார். அஷ்கர் உன்னக்காய்ப் பலகாரமும் சுலைமானி டீயும் வரவழைத்தார். பினோய் நான்கு தின்றான்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கௌஹாத்தியிலிருந்து ஒரு பெண் கேள்வி அனுப்பியிருந்தாள். உங்கள் மாதிரிக் கோப்பைப் பார்த்து நிரப்பினேன், மென்பொருள் கிளம்பவே மாட்டேன் என்கிறது, படங்களை எங்கே சேமிப்பது என்று ஒரு வரி வேண்டுமாம், அது மாதிரியில் இல்லையே என்று எழுதியிருந்தாள்.

"இத்தனை வருஷமா நமக்கெல்லாம் எப்படி ஓடுச்சு?" என்றான் பினோய்.

"மாதிரிக் கோப்பை நம்மள்ல யாரு பார்த்தோம்? ஆளுக்கு ஆள் பழைய டாட் என்வை வாட்ஸ்அப்ல வாங்கி வெச்சுக்கிட்டோம்" என்றாள் ரஜுலா.

"மாதிரிக் கோப்பு நான் பண்ணினதுதான் சேச்சி. ஒரு வரி விட்டுட்டேன் போல. திட்டுங்க."

அந்த வரி எப்போது வந்தது, எதற்கு என்று தெரிந்துகொண்டு பதில் எழுதலாம் என்று, களஞ்சியத்தின் பழைய வரலாறு முழுவதிலும் அந்த வரியின் பெயரைத் தேடவிட்டாள். ஒவ்வொரு முறை ஏற்றியதையும் அது ஞாபகம் வைத்திருக்கும். யார், எந்த நாள், எந்த ஃபைல், என்ன மாற்றம், எல்லாம். இரண்டு நொடியில் பதில் வந்தது. முதன்முதலில் அந்த வரி வந்தது முதல் ஏற்றத்தில். மூன்று வருஷத்துக்கு முன், ஜூலை. ஏற்றியவர் ரஜுலா. ஃபைலின் பெயர் டாட் என்வ்.

நாளையும் பெயரையும் இன்னொரு தரம் படித்தாள்.

ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஏழு வருஷம் அடுப்படியில் கிடந்துவிட்டு வந்தவளுக்கு இந்தப் புதுச் சாமான்கள் எதுவும் பிடிபடவில்லை. "இருக்கறது எல்லாத்தையும் மேல ஏத்து" என்றார் அஷ்கர். எல்லாவற்றையும் ஏற்றினாள், எல்லாவற்றையும். மறுநாள் பினோய் பார்த்துவிட்டு, "அய்யோ, டாட் என்வும் ஏறியிருக்கு" என்று அதை நீக்கினான், பட்டியலில் சேர்த்தான், அவசரமாக மாதிரிக் கோப்பு ஒன்றைச் செய்து வைத்தான். "நம்ம மூணு பேரு மட்டும்தானே பார்க்கறது, பரவால்ல" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கடவுச்சொல்லை மாற்றவில்லை. இன்றைய பக்கத்திலிருந்து நீக்கினால் நேற்றைய பக்கத்திலிருந்து போகுமா? போகாது. மூவருக்கும் அது தெரியும், மூவரும் மறந்தார்கள்.

முதல் ஏற்றத்தைத் திறந்தாள். எட்டு வரிகள். டேட்டாபேஸின் விலாசம், பயனர் பெயர், கடவுச்சொல், எல்லாம் பச்சையாக நின்றன. அதை இப்போது அவள் பார்க்கிற மாதிரி காலை பத்து மணியிலிருந்து யாரும் பார்க்கலாம்.

"அஷ்கர்க்கா" என்று கூப்பிட்டாள்.

அஷ்கர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவர் முதலில் செய்தது, ரெப்போவை மறுபடி மூடியது. "மூடியாச்சு. வரலாற்றையும் சுத்தமா அழிச்சிட்டு நாளைக்கு மறுபடி திறந்துக்கலாம். யாரும் பார்த்திருக்கமாட்டாங்க. டீச்சர்கிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்."

"நாலரை மணி நேரம் திறந்து கிடந்திருக்கு. எடுத்தவங்க எடுத்திருப்பாங்க. மூடினா அவங்க கையில இருக்கறது மறைஞ்சு போயிடுமா?"

"எவன் வந்து மூணு வருஷத்துக்கு முந்தின பக்கத்தைப் புரட்டறான்?"

"இதையே பொழப்பா வெச்சு நாள் பூரா புரட்டற மெஷினுங்க இருக்கு இக்கா" என்றான் பினோய் தலையைக் குனிந்தபடி. "அதுவும் போக, கொரோனா சமயத்துல வீட்டுல இருந்து வேலை பார்க்க டேட்டாபேஸை எந்த இடத்துல இருந்தும் நுழையற மாதிரி திறந்து வெச்சோம். அதையும் நாம மூடவே இல்ல."

அஷ்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயம் வந்தால் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொள்கிற ஜாதி. "சங்கம் நம்மளை விட்டுட்டா இந்த ஆபீஸே இல்ல, ரஜுலா. கொஞ்சம் யோசி."

அவள் யோசிக்கவில்லை. டேட்டாபேஸுக்குள் இந்த நிமிஷம் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தாள். பட்டியல் விழுந்தது. சங்கத்தின் மென்பொருள் ஓடும் சர்வரிலிருந்து ஆறு தொடர்புகள், அவளுடையது ஒன்று. எட்டாவதாக வேறு ஒரு விலாசம், அவர்கள் யாருக்கும் தெரியாதது. உள்ளே வந்து ஒரு மணி நேரமாகிறது, இன்னும் வெளியே போகவில்லை. ஒவ்வொரு தொடர்பும் கடைசியாக என்ன கேட்டது என்று அதே வரியில் எழுதியிருக்கும்.

மூன்று பேரும் ஒன்றாகத்தான் படித்தார்கள். எட்டாவது ஆள் பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடச் சொல்லியிருந்தான், அந்தப் பெயர் வரும் ஆளின் எல்லா விவரத்தையும் கொடு என்று. நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு.

"சேச்சி" என்றான் பினோய். "இது உங்க பேரு."

அவள் கண் அந்த நேரத்தின் மேலேயே இருந்தது.

"உங்க பேரை எதுக்கு அதுல போய் ஒருத்தன் தேடறான்?" என்றான் பினோய் மறுபடி.

"ஏன்னா நான் அதுல இருக்கேன்" என்றாள். ஐந்து வருஷம் யாரிடமும் சொல்லாத விஷயம் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து விழுந்தது. "நூத்திப் பதினேழு. தேடறது என் புருஷன். டீச்சர் போட்ட லிங்க்கைப் பார்த்திருப்பான். அவன் வேலையே இதுதான்."

அஷ்கர் எழுந்து நின்றுவிட்டார். பினோய் அதற்குள் அந்த வெளி விலாசம் எந்தக் கம்பெனியுடையது என்று தேடிவிட்டான்.

"கத்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல சேச்சி. நம்ம நாட்டு பிராட்பேண்ட். கேரளாதான்."

ஊருக்கு வந்திருக்கிறான். தலச்சேரியிலிருந்து ரயிலில் வந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகாது. ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் படித்திருக்கிறான், இப்போது இரண்டு நாற்பத்தெட்டு. அந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். வீட்டு நம்பர், தெரு, மகள் பெயர், பள்ளியின் பெயர், வகுப்பு. பள்ளி விடுவது மூன்றரைக்கு.

போனை எடுத்துப் பள்ளியைக் கூப்பிட்டாள். தீர்த்தாவை யார் வந்து கேட்டாலும் அனுப்பாதீர்கள், அப்பா என்று சொன்னாலும், அப்பா என்று சொன்னால் கண்டிப்பாக அனுப்பாதீர்கள், நான் வந்துகொண்டே இருக்கிறேன். மறுமுனையில் இருந்த கன்னியாஸ்திரி, பள்ளி ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர், "என்ன விஷயம், என்ன விஷயம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் வண்டியை எடுக்கறேன், கிளம்பு" என்றார் அஷ்கர். முன்பு பேசிய பேச்சு அவருக்கே மறந்துபோயிருந்தது.

வாசல் வரை போனவள் நின்றாள். கால் ஓடத் துடிக்கிறது, மனசு திரையைப் பார்க்கிறது. இப்போது நான்கு வீடுகளில் முப்பத்தொரு பெண்கள் இருக்கிறார்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கிறான். டேட்டாபேஸின் பெரிய சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அவனை வெட்டி விடுங்க முதல்ல" என்றான் பினோய்.

"வெட்டினா அதே கடவுச்சொல்லோட மறு நிமிஷம் வருவான். முதல்ல பூட்டை மாத்தணும்."

கடவுச்சொல்லை மாற்றினாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது. பூட்டை மாற்றினால் மட்டும் போதாது, முன்பே உள்ளே வந்தவன் உள்ளேயேதான் இருப்பான். அதனால் சங்கத்தின் சர்வரைத் தவிர வேறு எங்கிருந்தும் யாரும் நுழைய முடியாதபடி வெளி வாசலை மூடினாள். அதன் பிறகுதான் எட்டாவது தொடர்பை வெட்டினாள். பட்டியலை மறுபடி கேட்டாள், அது இல்லை. சர்வரில் இருந்த டாட் என்வில் புதிய கடவுச்சொல்லை எழுதி, மென்பொருளை நிறுத்திக் கிளப்பினாள். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில் சுவர்க் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தாள் என்று பினோயைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வான்.

"காலையில இருந்து யார் யார் நுழைஞ்சாங்கன்னு பதிவு இருக்கும், எடு. மிச்ச சாவியையும் மாத்து. எஸ்எம்எஸ் அனுப்பற சாவி, மெயில் சாவி, அந்த எட்டு வரியில இருக்கறது ஒண்ணு விடாம" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள். வரலாற்றை அழிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கார் மாவூர் ரோட்டு சிக்னலில் மாட்டிக்கொண்டபோது டீச்சரைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், பதிவேட்டோட சாவி வெளிய போயிடுச்சு. நான் ஏத்தினதுதான், மூணு வருஷத்துக்கு முன்னாடி. பிரதீஷ் உள்ள வந்து பார்த்திருக்கான்."

"மத்தவங்க விவரமும் பார்த்தானா?" என்றார் டீச்சர்.

"தெரியல. கடைசியா கேட்டது மட்டும்தான் தெரியும், அதுக்கு முன்னாடி என்ன கேட்டான்னு எழுதி வெக்கறதில்ல. அவன் மட்டும்தான் வந்தான்னும் சொல்ல முடியாது."

அதற்குள் பினோயின் செய்தி வந்துவிட்டது. காலையிலிருந்து வெளியிலிருந்து நுழைந்தவை மூன்று விலாசங்கள். பிரதீஷுடையது ஒன்று. மற்ற இரண்டும் எங்கோ தூர தேசம். அவள் அதைப் படித்துச் சொன்னாள்.

"அப்போ நாலு வீட்டையும் காலி பண்ணணும்" என்றார் டீச்சர். "இன்னைக்கே. வெளிய போனவங்களையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லணும். நீ வீட்டுப் பக்கம் போகாத மோளே. துணி எடுக்கவும் போகாத. குழந்தையைக் கூட்டிட்டு நேரா நான் சொல்ற இடத்துக்கு வா."

"என்னைத் திட்டுங்க டீச்சர்."

"அதுக்கு நேரம் இல்ல" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பள்ளிக்கு மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆபீஸ் அறையில் தீர்த்தா புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் ரஜுலாவுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சும் ஒரு நிமிஷம்தான்.

"நீங்க கூப்பிட்டதுக்கு முன்னாடியே ஒரு ஃபோன் வந்துச்சு" என்றார் ஆபீஸ் சிஸ்டர் தயங்கித் தயங்கி. "அப்பான்னு சொன்னார். கல்ஃப்ல இருந்து லீவுல வந்திருக்கேன், பொண்ணுக்குத் தெரியாம வந்து நிக்கணும், ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்னு கேட்டார். ரொம்ப மரியாதையாப் பேசினார். மூணரைன்னு சொல்லிட்டேன்."

ரஜுலாவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவனுக்கு மரியாதையாகப் பேசத் தெரியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

முன் கேட்டில் ஏற்கெனவே நாலைந்து ஆட்டோவும் பெற்றோரும் நின்றிருந்தார்கள். அதில் யார் யார் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நீலச் சட்டை போட்ட ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். அவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அஷ்கர் போய்ச் சமையலறைப் பக்கத்துச் சின்னக் கேட்டுக்குக் காரைக் கொண்டுவந்தார். அரிசி மூட்டைகளைத் தாண்டி, குழந்தையின் தலையைத் தன் துப்பட்டாவால் மூடி, காரின் பின்சீட்டில் ஏற்றித் தாழ உட்காரச் சொன்னாள். கார் நகர்ந்த சமயத்தில் உள்ளே மணி அடித்தது.

தீர்த்தா அழவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. பத்து வயதுக் குழந்தை கேட்டிருக்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. கடைசியில் சீட்டுக்குக் கீழே குனிந்தபடியே, "அப்பா கண்டுபிடிச்சிட்டாரா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். குற்றம் முழுக்க அவன் தலையில் போயிருக்கும், பாதிக்கு மேல் உண்மையும்கூட.

"இல்ல மோளே. நாம இருக்கற இடத்தை அம்மாதான் எழுதி வெளிய வெச்சிட்டேன்."

தீர்த்தா கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையைக் கழற்றி, பையின் அடியில், புத்தகங்களுக்கும் கீழே திணித்தாள். சட்டைப் பையில் தைத்திருந்த பள்ளிச் சின்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, கார் நிற்கும் வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.